ஒரு இண்டர்வியூ, பதினொரு பிரதிகள்

"சார், நான் உங்க கம்பெனிக்கு இண்டர்வியூ வந்தது எங்க மேனேஜருக்கு எப்படிங்க தெரிஞ்சுது?"

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு வந்த போன் இது. கோபமாகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் மெதுவாக, பக்கத்தில் யாரோ இருப்பதுபோலக் குரலைத் தாழ்த்திக் கேட்டார். ஐந்து நாள் முன்னால்தான் அவரை நான் இண்டர்வியூ செய்திருந்தேன், முடிவுகூட இன்னும் சொல்லவில்லை. "எங்க பக்கத்துல இருந்து போக வாய்ப்பே இல்லைங்க" என்று உடனே சொல்லிவிட்டேன். அது தவறு என்று அன்று சாயங்காலமே தெரிந்தது.

முதலில் எங்களைப் பற்றிக் கொஞ்சம். கோயம்புத்தூரில் இருபத்து நான்கு பேர் வேலை செய்யும் சாப்ட்வேர் கம்பெனி, உதிரிபாகக் கடைகளுக்கு பில்லிங், ஸ்டாக் பார்க்கும் மென்பொருள் செய்கிறோம். தனியாக எச்.ஆர். கிடையாது. கணக்கு பார்க்கும் அக்காதான் சம்பளம், லீவு எல்லாம் பார்ப்பார், ஆள் எடுக்கிற வேலை என் தலையில். வந்தவர் டெஸ்டிங் வேலைக்கு, ஐந்து வருட அனுபவம், இதே ஊரில் இன்னொரு கம்பெனியில் வேலையில் இருப்பவர். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை இங்கே மாற்றியிருக்கிறேன், நடந்ததை மாற்றவில்லை.

இண்டர்வியூ கூகுள் மீட்டில் நடந்தது. காலண்டரில் அழைப்பு போடும்போது, அன்று யார் ஃப்ரீயாக இருப்பார்கள் என்று தெரியாததால், டீமின் குரூப் மெயில் முகவரியையே சேர்த்துவிட்டேன். அதில் ஏழு பேர். வந்து உட்கார்ந்தது இரண்டு பேர்தான், நானும் ஒரு சீனியரும். ஆரம்பித்து மூன்று நிமிடம் கழித்து "ரெக்கார்ட் பண்ணிக்கிறோம், எம்.டி. அப்புறம் பார்ப்பார்" என்று சொல்லிக்கொண்டே பட்டனை அழுத்தினேன். திரையில் பதிவு நடப்பதாக அறிவிப்பு வந்தது. அவர் "ஓகே சார்" என்றார். சம்மதம் வாங்கியாகிவிட்டது என்று நான் நினைத்தது அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான்.

அடுத்த ஐம்பது நிமிடத்தில் அவர் சொன்னவற்றில் வேலை சம்பந்தப்பட்டது பாதி. ஏன் மாற நினைக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, அப்பாவுக்கு வாரம் மூன்று நாள் டயாலிசிஸ், இப்போதுள்ள மேனேஜர் ஷிப்ட் மாற்றித் தரமாட்டேன் என்கிறார் என்று சொன்னார். சம்பளம் சொன்னார். இன்னும் ஒரு படி மேலே போய், தற்போதைய கம்பெனியில் ஒரு கிளையன்ட்டின் ப்ராஜெக்ட்டில் என்ன பிரச்சினை ஓடுகிறது என்பதையும் உதாரணமாகச் சொன்னார். அந்த இடத்தில் நான்தான் நிறுத்தியிருக்க வேண்டும். "கிளையன்ட் பேர் வேண்டாங்க, பிரச்சினையை மட்டும் சொல்லுங்க" என்று ஒரு வரி போதும். சுவாரஸ்யமாக இருந்ததால் கேட்டுக்கொண்டிருந்தேன். விளைவு, இன்னொரு கம்பெனியின் ரகசியம் எங்கள் டிரைவில் வீடியோவாக உட்கார்ந்துகொண்டது.

சரி, விஷயம் எப்படி வெளியே போனது? மீட்டில் பதிவு செய்தால் அந்த வீடியோ, கூட்டத்தை ஏற்பாடு செய்தவருடைய டிரைவில் `Meet Recordings` என்ற ஃபோல்டரில் போய்ச் சேரும். அதோடு நிற்காது, காலண்டர் நிகழ்வில் அதன் லிங்க் தானாக ஒட்டிக்கொள்ளும். அழைப்பில் இருக்கும் அதே நிறுவனத்து ஆட்களுக்குப் பார்க்கும் அனுமதியும் தானாகவே போய்விடும். ஒருவர் இண்டர்வியூவில் கலந்துகொண்டாரா இல்லையா என்பது கணக்கில்லை, அழைப்பில் பெயர் இருந்தால் போதும். எனவே உள்ளே வராத ஐந்து பேருக்கும் அந்த வீடியோ கிடைத்தது. அதில் ஒரு தம்பி, இண்டர்வியூவுக்கு வந்தவருடைய கம்பெனியில் முன்பு வேலை பார்த்தவன். மதியம் சாப்பிட்டுக்கொண்டே பத்து நிமிடம் பார்த்திருக்கிறான். பழைய நண்பன் ஒருவனுக்கு வாட்ஸ்அப்பில், "உங்க டீம் ஆளு எங்ககிட்ட வர்றாங்க போல" என்று ஒரு வரி. அந்த நண்பன் மேனேஜர் காதில் போட்டுவிட்டான்.

அந்தத் தம்பியைக் கூப்பிட்டுக் கேட்டபோது மறைக்காமல் சொன்னான். "ரகசியம்னு யாரும் சொல்லலையேண்ணா" என்றான். எனக்குப் பதில் இல்லை, நிஜமாகவே யாரும் சொல்லியிருக்கவில்லை. எங்கள் கம்பெனியில் கிளையன்ட் தகவலைப் பற்றி எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறோம், வேலைக்கு வந்து நிற்கும் ஆளுடைய தகவலைப் பற்றி ஒரு வரிகூட அதில் கிடையாது.

அன்று சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் உட்கார்ந்து, இவரைப் பற்றிய தகவல் எங்கள் கம்பெனியில் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு பேப்பரில் எழுத ஆரம்பித்தேன். கன்சல்டன்சி அனுப்பிய மெயில், வேலைவாய்ப்புக்கென்று வைத்திருக்கும் பொது இன்பாக்ஸில். அதை எனக்கும் சீனியருக்கும் எம்.டி.க்கும் ஃபார்வர்டு செய்ததில் மூன்று. "இந்த ப்ரொஃபைல் எப்படி?" என்று வாட்ஸ்அப் குரூப்பில் போட்ட பி.டி.எஃப். என் லேப்டாப்பில் டவுன்லோட்ஸில் ஒன்று. அக்காவின் கம்ப்யூட்டரில் டெஸ்க்டாப்பிலேயே ஒன்று. டிரைவில் கேண்டிடேட் ஃபோல்டரில் ஒன்று. குறிப்பு எழுதும் கூகுள் ஷீட். வீடியோ. வீடியோவோடு சேர்ந்து தானாக உருவான எழுத்து வடிவம், நான் அதை ஆன் செய்து வைத்திருந்ததே மறந்துபோயிருந்தது. மொத்தம் பதினொன்று. வாட்ஸ்அப் குரூப்பை ஒன்று என்று கணக்கு வைத்தது எனக்கு நானே கொடுத்துக்கொண்ட சலுகை, எத்தனை போனில் இறங்கியிருக்கும் என்று யாருக்குத் தெரியும்.

அந்த ரெஸ்யூமேயையும் அன்றுதான் முழுதாகப் படித்தேன். பிறந்த தேதி, அப்பா பெயர், வீட்டு முகவரி, திருமணமானவரா, போட்டோ. நம் ஊரில் ரெஸ்யூமே என்றால் கல்யாணத் தரகருக்குக் கொடுக்கும் ஜாதகம் மாதிரிதானே எழுதுகிறோம். நாங்கள் கேட்காவிட்டாலும் வந்துவிடுகிறது, வந்த பிறகு அது எங்கள் பொறுப்பு.

இப்போது சட்டம் என்ன சொல்கிறது என்று பார்க்கலாம், ரொம்ப நீட்டமாட்டேன். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில்தான் வெளியாயின, முக்கியமான கடமைகள் அங்கிருந்து பதினெட்டு மாதம் கழித்து அமலுக்கு வருகின்றன. அதனால் "இப்போதைக்கு நமக்கு ஒன்றும் இல்லை" என்று எம்.டி. சொன்னது ஒரு வகையில் சரிதான். ஆனால் எங்கள் நிகழ்வை அந்தச் சட்டத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது மூன்று இடத்தில் உறைத்தது.

ஒருவர் ஒரு காரியத்துக்காகத் தானாக முன்வந்து கொடுத்த தகவலை அந்தக் காரியத்துக்குப் பயன்படுத்தலாம் என்கிறது ஏழாம் பிரிவு. வேலைக்கு அனுப்பிய ரெஸ்யூமேயைப் படிப்பது இதற்குள் வரும் என்றுதான் நான் புரிந்துகொள்கிறேன். வேலை சம்பந்தமாக முதலாளிக்குத் தரும் தனிச் சலுகையும் அதே பிரிவில் இருக்கிறது, ஆனால் அங்கே ஊழியர் என்றுதான் பேசுகிறது. இண்டர்வியூவுக்கு வந்தவர் இன்னும் ஊழியர் இல்லை. எனவே வீடியோ பதிவுக்குச் சம்மதம்தான் வழி. ஆறாம் பிரிவுப்படி அந்தச் சம்மதம் சுதந்திரமாக, எதற்கு என்று தெரிந்து, நிபந்தனை இல்லாமல், தெளிவான ஒரு செயலால் தரப்பட்டதாக இருக்க வேண்டும். கொடுத்த அளவுக்கே சுலபமாகத் திரும்பப் பெறவும் முடிய வேண்டும். கடைசியாக ஒன்று, பிரச்சினை என்று வந்தால் அறிவிப்பு கொடுத்துச் சம்மதம் வாங்கினேன் என்று நிரூபிக்க வேண்டியது நிறுவனம்தான். எங்களிடம் இருந்த நிரூபணம் "ஓகே சார்".

அந்த "ஓகே சார்" பற்றித்தான் அதிகம் யோசித்தேன். வேலை வேண்டி வந்து உட்கார்ந்திருக்கிறார், எதிரே இரண்டு பேர், அதில் ஒருவன் பட்டனை அழுத்திக்கொண்டே சொல்கிறான். அந்த இடத்தில் "வேண்டாங்க" என்று சொல்ல எத்தனை பேருக்கு வாய் வரும்? நான் வேலை தேடிய காலத்தில் எனக்கு வந்திருக்காது. மறுத்தால் என்ன ஆகும் என்று தெரியாத நேரத்தில் கேட்டால் கிடைப்பது சம்மதமே இல்லை, மரியாதைக்கு ஆட்டிய தலை. அதுவரை நான் பதிவு செய்த இண்டர்வியூக்களில் ஒருவர்கூட மறுத்ததில்லை. அதை நல்ல அறிகுறி என்று நினைத்திருந்தேன், உண்மையில் கேட்கும் விதம் கோணலாக இருக்கிறது என்பதற்கு அதுதான் அடையாளம்.

மறுநாள் அவருக்கு நானே போன் செய்தேன். எங்களிடமிருந்துதான் போனது, எப்படிப் போனது என்று உள்ளது உள்ளபடி சொன்னேன், பையன் பெயரை மட்டும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், "நீங்க என்னைப் பத்தி என்ன எழுதி வெச்சிருக்கீங்கன்னு பாக்கலாங்களா சார்?" என்றார்.

நியாயமான கேள்வி. தன்னைப் பற்றி என்ன தகவல் இருக்கிறது என்று கேட்கும் உரிமையை அந்தச் சட்டமே பதினோராம் பிரிவில் தருகிறது. ஆனால் ஷீட்டைத் திறந்து பார்த்ததும் எனக்கு வியர்த்துவிட்டது. நான் எழுதியிருந்தது இதுதான்:

"டெஸ்டிங் நல்லா தெரியுது. அப்பா டயாலிசிஸ் — லீவு நிறைய போடலாம். கல்யாணம் பாக்கறாங்க போல, எத்தனை நாள் இருப்பாங்களோ. பழைய மேனேஜரோட ஒத்துப்போகலை. 70%."

முதல் வாக்கியத்தைத் தவிர வேறு எதையும் அவர் முன்னால் படிக்க முடியாது. அதில் எதுவும் பொய் இல்லை என்று சொல்லித் தப்பிக்கவும் முடியாது, ஏனென்றால் டயாலிசிஸ் அப்பாவின் உடல்நிலை, என் குறிப்பில் அது வர வேண்டிய அவசியமே இல்லை. கல்யாணம் என் ஊகம். எழுபது சதவீதம் எதற்கு என்று எனக்கே மறந்துவிட்டது. எம்.டி. "வேற ஒண்ணு எழுதி அனுப்பிடு" என்றார். சபலம் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் கேட்ட பிறகு மாற்றி எழுதினால் அது குறிப்பு இல்லை, ஜோடிப்பு. இருந்ததை அப்படியே தட்டச்சு செய்து, மன்னிப்பும் கேட்டு அனுப்பினேன். அவர் பதில் ஒரே வரி: "நன்றி சார், எல்லாத்தையும் அழிச்சிடுங்க, நான் இந்த வேலைக்கு வரலை."

அழிப்பது என்று இறங்கினால்தான் தெரிகிறது. ஷீட்டில் அந்த வரிசையை நீக்கினேன், முடிந்தது என்று நினைத்தேன். சீனியர்தான் "வெர்ஷன் ஹிஸ்டரியைப் பாருங்க" என்றார். ஷீட்டைத் திருத்தும் அனுமதி உள்ள யாரும் பழைய வடிவத்தைத் திறந்து, அழித்த வரியை எழுத்து மாறாமல் படிக்கலாம். அதை மட்டும் தனியாக அழிக்க வழியில்லை. வேண்டிய வரிகளோடு புதுப் பிரதி ஒன்று எடுத்துக்கொண்டு பழைய ஷீட்டையே மொத்தமாகத் தூக்க வேண்டியிருந்தது. டிரைவில் தூக்கிய கோப்பு குப்பைத்தொட்டியில் முப்பது நாள் கிடக்கும், அதையும் போய்க் காலி செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் அழிப்பது என்பது இரண்டு நாள் சொச்சம் வரைதான் நடக்கும், எங்கள் குரூப்பில் போட்டு இரண்டு வாரம் ஆகியிருந்தது. ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, என் முன்னால் போனைத் திறந்து அழிக்கச் சொன்னேன். இரண்டு பேர் போனில் அது ஃபைல்ஸ் ஃபோல்டரிலும் தனியாகக் கிடந்தது. கன்சல்டன்சியிடம் இருக்கும் பிரதி என் கையில் இல்லை, அவர்களுக்கு மெயில் போட்டேன், அவர்களையும் நேரடியாகக் கேட்கும்படி அவருக்கும் சொன்னேன். மொத்தத்தில் ஒன்றரை நாள் வேலை. ஒரு ரெஸ்யூமேக்கு.

அதன் பிறகு மாற்றியவற்றில் உருப்படியாக நின்றவை கொஞ்சம்தான். காலண்டர் அழைப்பில் குரூப் முகவரி கிடையாது, உள்ளே உட்காரப்போகும் இருவர் பெயர் மட்டும். ரெஸ்யூமே டிரைவில் ஒரே ஃபோல்டரில், அனுமதி மூன்று பேருக்கு. யாருக்காவது காட்ட வேண்டுமென்றால் லிங்க் அனுப்புவோம், கோப்பை அனுப்புவதில்லை. லிங்க்கின் அனுமதியை நாளைக்கு நிறுத்தலாம், அனுப்பிய பி.டி.எஃப்.பை யாரும் திரும்பப் பிடுங்க முடியாது. ஆதார், பான், சம்பளச் சீட்டு எல்லாம் ஆஃபர் கொடுத்த பிறகுதான் கேட்கிறோம், முன்னாலேயே வாங்கி வைத்துக்கொண்டது வெறும் பழக்கதோஷம். தற்போது வேலை செய்யும் இடத்தில் தெரிந்தவர்களிடம் "ஆள் எப்படி?" என்று போன் போட்டு விசாரிப்பதையும் நிறுத்தினோம். அவர் எழுதித் தந்த ஆட்களிடம் மட்டும், அதுவும் அவரிடம் சொல்லிவிட்டு.

பதிவுக்குச் சம்மதம் கேட்பதை இண்டர்வியூவுக்கு வெளியே கொண்டுபோனதுதான் பெரிய மாற்றம். இரண்டு நாள் முன்பே இப்படி ஒரு மெயில் போகிறது, அனுப்புவது அக்கா, நான் இல்லை:

"உங்கள் நேர்காணலை வீடியோவாகப் பதிவு செய்ய விரும்புகிறோம். அன்று வர முடியாத எங்கள் எம்.டி. பார்ப்பதற்காக மட்டும். நேர்காணல் எடுக்கும் இருவரும் அவரும் தவிர யாரும் பார்க்கமாட்டார்கள். முடிவு சொன்ன பதினைந்து நாளில் அழித்துவிடுவோம். வேண்டாம் என்றால் இந்த மெயிலுக்கு 'வேண்டாம்' என்று பதில் போடுங்கள், காரணம் தேவையில்லை, நேர்காணல் பதிவில்லாமல் நடக்கும். பதில் வராவிட்டாலும் பதிவு செய்யமாட்டோம். நடுவில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்திவிடுவோம்."

பதில் வராவிட்டால் பதிவு கிடையாது என்ற வரிக்கு எம்.டி. ஒத்துக்கொள்ள ஒரு வாரம் ஆனது. இந்த மெயில் ஆரம்பித்த பிறகு வந்த முதல் ஒன்பது பேரில் மூன்று பேர் வேண்டாம் என்றார்கள், ஒருவர் பதிலே போடவில்லை. மறுத்தது யார் என்பது அக்காவுக்குத் தெரியும், எனக்கு "பதிவு இல்லை" என்று மட்டும் வரும். மறுத்தாரா, மறந்தாரா என்று எனக்குத் தெரியாமல் இருப்பதே நல்லது, தெரிந்தால் மனதில் ஏதாவது ஓடும். எம்.டி. பார்க்காத நாட்களில் நாங்கள் இருவரும் அன்றே அரைப் பக்கம் எழுதித் தருகிறோம். உண்மையைச் சொன்னால், முன்பும் அவர் முழு வீடியோவும் பார்த்தது இரண்டு தடவைதான்.

குறிப்பு எழுதும் முறையும் மாறியது. எழுதி முடித்ததும் ஒரு தடவை, அந்த ஆள் எதிரே உட்கார்ந்து இதைப் படிக்கிறார் என்று வைத்துக்கொண்டு படித்துப் பார்க்கிறேன். "நல்லா தெரியுது" என்பதற்குப் பதில், "பில் ரத்து செய்தால் ஸ்டாக் திரும்புகிறதா என்பதற்கு ஐந்து டெஸ்ட் கேஸ் சொன்னார், பாதி ரத்து செய்வதை விட்டுவிட்டார், கேட்டதும் பிடித்துக்கொண்டார்" என்று எழுதுகிறேன். கேட்ட கேள்வி, கேட்டது கிடைத்ததா, அவ்வளவுதான். குடும்பம், உடம்பு, கல்யாணம் பற்றி அவராகவே சொன்னாலும் எழுதுவதில்லை. ஷிப்ட் பற்றி ஏதாவது தேவை என்றால் "காலை ஷிப்ட் கேட்கிறார்" என்பதோடு நிறுத்திக்கொள்வேன், ஏன் கேட்கிறார் என்பது குறிப்புக்கு வேண்டாம்.

ரெஸ்யூமேயும் குறிப்பும் ஆறு மாதம் வைத்திருக்கிறோம், பிறகு வேறு வேலைக்கு அழைக்கலாமா என்று கேட்டுச் சரி என்றவர்களுடையது மட்டும் நீள்கிறது. இந்தக் கணக்கு இப்படியே நிற்கும் என்று சொல்லமாட்டேன். யார் எதைத் திறந்தார்கள் என்ற லாக்குகளைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்கச் சொல்லும் பகுதி புது விதிகளில் இருக்கிறது, அமலுக்கு வருமுன் தெரிந்த வக்கீலிடம் உட்கார வேண்டும்.

அன்று போன் செய்த அந்தப் பெண் இன்னும் பழைய கம்பெனியில்தான் இருக்கிறார் என்று கேள்வி, மேனேஜர் மட்டும் மாறிவிட்டாராம்.

போன மாதம் டீக்கடைக் கணக்கு தீர்க்க வேண்டியிருந்தது. எங்கள் ஆபீஸில் ஒரு பக்கம் அச்சான பேப்பரை வீணாக்கமாட்டோம், வெட்டிக் கிளிப் போட்டுக் குறிப்புத்தாளாக வைத்திருப்போம். அக்கா அதிலிருந்து ஒன்றை நீட்டினார். ஒரு பக்கம் டீ முப்பத்திரண்டு, வடை பதினாறு என்று கூட்டியிருந்தது. திருப்பினால் பிறந்த தேதி, அப்பா பெயர், கருப்பு வெள்ளையில் பாதி முகம். எம்.டி.க்குப் படிக்க வசதியாக இருக்கட்டும் என்று நான்தான் பிரிண்ட் எடுத்திருந்தேன், அன்று பேப்பரில் எழுதிய பதினொன்றில் இது இல்லவே இல்லை. கணக்கை வேறு தாளில் எழுதிக்கொண்டு, கட்டு முழுவதையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தோம், இன்னும் நான்கு பேருடையது இருந்தது. எல்லாவற்றையும் கிழித்தோம். எல்லாம் அழித்தாயிற்று என்று அவருக்கு முன்பு எழுதியிருந்ததால் இன்னொரு மெயில் போட வேண்டியிருந்தது, பன்னிரண்டாவது கிடைத்தது, அதுவும் போயிற்று என்று.